மட்டாஞ்சேரி மிளகும் இயந்திரத்தின் எழுத்தும்

கொச்சிக்குச் சென்று மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் ஒரு முறை நடந்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். உப்பங்கழியை ஒட்டி நெடுக ஓடும் அந்த வீதியில் கண் காண்பதற்கு முன்னே மூக்கு செய்தி சொல்லிவிடுகிறது. சுக்கும் மிளகும் ஏலமும் ஜாதிக்காயும் அடைந்து கிடந்த பழைய கிடங்குகள் இருபுறமும் நிற்கின்றன. அருகே யூதத் தெருவில், 1957ஆம் ஆண்டு தோன்றிய மிளகு வாணிபச் சங்கத்தின் கூடத்தில், தரகர்கள் கூவிக் கூவி முன்பேர விலை பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூச்சல் ஓய்ந்துவிட்டது. ஆனால் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகள் ஒரே தெருவில் மாறி மாறிக் காதில் விழுவது மட்டும் இன்னும் ஓயவில்லை.

அந்தத் தெருக்களுள் ஒன்றில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தார் ஒருவர் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கைக்காரர் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. கடைக்கு வந்து வாங்கிப் போனவர்களில் பலர் பின்னர் புனேக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் குடிபெயர்ந்தார்கள். போன இடத்திலிருந்தும் தபாலில் மிளகு வரவழைத்தார்கள். அவ்வாறு வெளியூருக்குச் செல்லும் சரக்கு பெருகவே, அண்ணாச்சியின் மகன் கைபேசியில் அனுப்புவதற்காக ஒரு சரக்குப் பட்டியல் தயாரித்தார். ஒவ்வொரு சரக்குக்கும் கீழே நான்கைந்து வரி விளக்கம் வேண்டுமல்லவா? அதை எழுத அவருக்குப் பொழுதில்லை. கணிப்பொறியில் இன்று கிடைக்கும் எழுதும் இயந்திரத்திடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டார்.

பட்டியல் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. புனேயிலிருந்து பல்லாண்டு காலமாக வாங்கிவரும் ஓர் அம்மையார், “அண்ணாச்சி, கடையை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டிருந்தார். மற்றொருவர் புதியவர், பட்டியலில் கண்டபடி மிளகு பளபளப்பாக இல்லை என்று சொல்லிப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதற் செய்தி அண்ணாச்சியின் மனத்தைப் புண்படுத்திற்று; இரண்டாவது செய்தி அவரைக் கோபப்படுத்திற்று. அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவோம். பட்டியலைத் திருத்தித் தரும்படி அவர் நம்மிடம் கேட்டபோது, முதலில் மிளகை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு பத்தியை எப்படித் திருத்தினோம் என்பதே இப்பேச்சின் பொருள். வெளி மாநிலங்களில் சிறுகடை நடத்தும் நம்மவர்கள் பலர் இதே இயந்திரத்தை இப்போது நாடுவதால், நடந்ததை நடந்தபடியே விளக்குவது பயன்படும் என்று எண்ணுகிறோம்.

இயந்திரம் எழுதித் தந்த பத்தி இது:

“கடவுளின் தேசமான கேரளத்தின் பசுமையான மலைகளிலிருந்து நேரடியாக உங்கள் சமையலறைக்கு! எங்கள் பிரீமியம் தலைச்சேரி கருமிளகு, தலைமுறைகளாகப் போற்றப்படும் பாரம்பரிய முறைகளைப் பயன்படுத்திக் கவனமாகக் கையால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பளபளக்கும் ஒவ்வொரு மணியும் தூய்மை, புத்துணர்ச்சி மற்றும் நறுமணத்தின் சரியான கலவையை வழங்குகிறது. இது வெறும் மசாலா அல்ல, இது ஓர் அனுபவம். செரிமானத்தை மேம்படுத்தி, நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும் எங்கள் இயற்கையான மிளகுடன் உங்கள் உணவை அடுத்த நிலைக்கு உயர்த்துங்கள்!”

இலக்கணப் பிழை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பத்தியை அண்ணாச்சி சொன்னதாக எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மகன் இயந்திரத்துக்குக் கொடுத்த செய்தி என்னவென்று கேட்டோம். கருமிளகு, 250 கிராம், மட்டாஞ்சேரி, பழைய கடை, அவ்வளவுதான். நான்கு செய்தியிலிருந்து ஐம்பது சொல் பிறந்தது எப்படி? இவ்வகை இயந்திரம், மனிதர் எழுதிக் குவித்த பெருந்தொகையான எழுத்துகளைக் கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதைக் கணக்கிட்டு அடுக்கிச் செல்வது. மிளகு விற்போர் உலகமெங்கும் எதை எழுதியிருக்கிறார்களோ, அதுவே மிளகு என்றவுடன் வருவதற்கு வாய்ப்பு மிகுந்த எழுத்து. கொடுக்கப்படாத செய்தியின் இடத்தை அது வெற்றிடமாக விடுவதில்லை. எல்லோரும் சொல்வதைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. எனவே இந்தப் பத்தியில் இருப்பது யாருடைய குரலும் அன்று. ஆயிரம் கடைகளின் சராசரி என்று சொல்லலாம்.

ஆகவே சொற்களை அழகுபடுத்தும் வேலையை நாம் தொடவில்லை. ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றையும் அண்ணாச்சியின் முன் வைத்து “இது உண்மையா?” என்று மட்டும் கேட்டோம்.

மலையிலிருந்து நேரடியாக வருகிறதா? இல்லை. இடுக்கி மாவட்டத்து மிளகை மட்டாஞ்சேரி வியாபாரி ஒருவரிடம் அவர் வாங்குகிறார். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ‘நேரடியாக’ என்று எழுதினால் பொய்யாகும். கையால் தேர்ந்தெடுக்கிறாரா? சல்லடையில் சலித்து முறத்தில் புடைக்கிறார். மணி மணியாகப் பொறுக்குவதென்றால் கடையை மூடிவிட்டு அதையே செய்துகொண்டிருக்க வேண்டும்.

தலைச்சேரி என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். மிளகு வாணிபத்தில் தலைச்சேரி என்பது இன்று பெரும்பாலும் ஊரைக் குறிப்பதன்று, மணியின் பருமனைக் குறிப்பது. 4.25 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் விழாமல் மேலே நிற்கும் மணிகளுக்கு ஒரு தரம், 4.75 மில்லிமீட்டரில் நிற்பவற்றுக்கு அதனினும் உயர்ந்த தரம். வயநாட்டில் விளைந்தாலும் இடுக்கியில் விளைந்தாலும் அந்தப் பருமன் இருந்தால் தலைச்சேரி என்றே ஏற்றுமதியாகும். விலையும் அதற்குத் தக்கபடி கூடும். அண்ணாச்சி விற்பது எம்.ஜி.1 எனப்படும் மலபார் கார்பிள்டு வகை. அதில் பெரிய மணியும் சிறிய மணியும் கலந்தே இருக்கும். அதைத் தலைச்சேரி என்று எழுதுவது, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், சரக்கை மாற்றிச் சொல்வதுதான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மகன் தரகர் சீட்டில் இருந்த ‘கார்பிள்டு’ என்ற சொல்லை இயந்திரத்துக்கு ஊட்டி மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறார். ‘சிதைந்த மலபார் மிளகு’ என்று வந்ததாம்! அந்தச் சொல்லின் மூலம் அரபு மொழியில் சல்லடையைக் குறிப்பது. வாசனைச் சரக்கு வாணிபத்தில் அதற்குச் சலித்துச் சுத்தம் செய்தது என்றே பொருள். பொது ஆங்கிலத்தில் அது குழப்பிச் சிதைத்தது என்ற பொருளுக்கு மாறிவிட்டது. கடைத்தெருவின் பொருளைவிட ஏட்டின் பொருளே மிகுதியாக எழுதப்பட்டிருப்பதால் இயந்திரம் அதையே எடுத்துக்கொண்டது. தொழிற்சொல் வரும் இடத்திலெல்லாம் இந்த ஆபத்து உண்டு. சரக்குக்கு உரியவர் ஒருவர் படித்துப் பார்க்காமல் அவ்வகைச் சொற்களை வெளியே அனுப்பவே கூடாது.

இனிப் பளபளப்புக்கு வருவோம். அண்ணாச்சி கோபம் கொண்டது இதற்குத்தான். பறித்த மிளகு பச்சை நிறமாக இருக்கும். வெயிலில் சில நாள் காயும்போது தோல் கறுத்துச் சுருங்கி மங்கலாகிவிடும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ முப்பத்துமூன்று கிலோதான் தேறும். அப்படிச் சுருங்கிய பொருள் எங்ஙனம் பளபளக்கும்? பளபளக்க வேண்டுமென்றால் அதன்மேல் ஏதேனும் பூச வேண்டும். கனிம எண்ணெய் பூசி மினுக்குவது இத்தொழிலின் தீராத தலைவலிகளுள் ஒன்று. 2012ஆம் ஆண்டின் இறுதியில், கொச்சிப் பகுதிக் கிடங்குகளில் முன்பேர வாணிபத்துக்காக வைத்திருந்த பெருந்தொகை மிளகைக் கனிம எண்ணெய் கலந்ததென்ற காரணத்தால் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் முத்திரையிட்டு நிறுத்தினார்கள். அந்நாளிலிருந்து மட்டாஞ்சேரியில் மிளகு மினுங்கினால் வாங்குகிறவர் விரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். ஆகையால் இயந்திரம் புகழ்ச்சியாக எழுதிய ஒரு சொல், அந்தத் தெருவில் குற்றச்சாட்டாக இருந்தது. எண்ணெய் பூசாத மிளகை அனுப்பிவிட்டு, எண்ணெய் பூசியதுபோல் விளம்பரம் செய்துவிட்டு, அது மினுங்கவில்லை என்று திருப்பியும் பெற்றுக்கொண்டார் அண்ணாச்சி!

எஞ்சியிருந்த புகழ்ச்சொற்களில் சட்டமும் குறுக்கிட்டது. தூய, இயற்கையான, பாரம்பரிய, புதிய என்று பொருள்படும் சொற்களை உணவுப் பொருளுக்கு எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் விளம்பர விதிகளில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியிருக்கிறது. கழுவுதல், தோலுரித்தல், குளிர்வித்தல் போன்ற சிறு வேலைகளுக்கு மேல் பக்குவம் செய்த பொருளைப் ‘புதியது’ என்று சொல்லலாகாது. வெயிலில் காய வைத்த மிளகுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு இயந்திரம் அதைப் ‘புத்துணர்ச்சி’ என்று எழுதியிருந்தது. உணர்ச்சி மனிதனுக்கு உண்டு, மிளகுக்கு ஏது? செரிமானம், நோய் எதிர்ப்பு ஆகியவற்றைப் பற்றிய வாக்கியத்தையும் நீக்கினோம். அவ்வகைக் கூற்றுக்கு ஆதாரம் காட்டவேண்டிய பொறுப்பு விற்பவருடையது. சிறுகடைக்காரரிடம் என்ன ஆதாரம் இருக்கும்?

பென்சிலைக் கீழே வைத்தபோது பத்தியில் எஞ்சியவை ‘கேரளம்’, ‘கருமிளகு’ என்ற இரண்டு சொற்களே.

இனி எழுத வேண்டியது எங்கிருந்து வரும்? அண்ணாச்சியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். முதலில் நாம் தவறு செய்தோம். “உங்கள் மிளகைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்கள் மிளகு தரமானது, சுத்தமானது” என்று தொடங்கினார். அதுவும் இயந்திரத்தின் எழுத்தாகவே இருந்தது. மேடையில் ஏற்றினால் எவரும் பொதுச் சொற்களையே பேசுவார்கள். ஆகவே அவருடைய இசைவு பெற்று, கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டுக் கல்லாவுக்கு அருகே ஒரு மூட்டைமேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வாங்க வந்த ஓர் அம்மையார், “பக்கத்துக் கடையில் விலை குறைவாக இருக்கிறதே?” என்று கேட்டார். எல்லாவற்றையும் திறந்துவிட்ட கேள்வி அதுதான். அண்ணாச்சி சொன்னதைச் சொன்னபடியே தருகிறோம்:

“வாங்கம்மா, கையில அள்ளிப் பாருங்க. மங்கலாத்தான் இருக்கும், சுருக்கம் இருக்கும், பளபளப்பு கேக்காதீங்க. ஆனா கனம் தெரியுதா? லிட்டர்ப் படியில அளந்தா ஐநூத்தம்பது கிராமுக்குக் குறையாது. குறைஞ்சா நான் மூட்டைய எறக்கவே விடமாட்டேன். ஒண்ணு கடிச்சுப் பாருங்க, டக்குனு ஒடையணும். நச்சுன்னு அமுங்குச்சுன்னா ஈரம். ஆமா, ரசத்துக்கா, பொங்கலுக்கா?”

இதில் ‘தரம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் தரம் என்றால் என்ன என்பது முழுவதும் இருக்கிறது. லிட்டர் எடை என்பது மிளகு வாங்குவோரின் பழைய அளவுகோல். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகைத் தலைதட்டி நிரப்பி நிறுத்துப் பார்ப்பார்கள். முற்றாமல் பறித்த மணி காய்ந்தபின் உள்ளே கூடாகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அவ்வகை மணிகள் மிகுந்தால் லிட்டர் எடை 500 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். 550 கிராம் என்பது நன்கு முற்றிய மிளகின் அடையாளம். கடித்துப் பார்ப்பது ஈரத்தை அறிவதற்கு. ஈரப்பதம் நூற்றுக்குப் பதினொன்று பன்னிரண்டுக்கு மேல் இருந்தால், கொச்சியின் காற்றில் பூசணம் பிடிக்கும். அண்ணாச்சிக்கு ஈரமானி இல்லை, பல் இருக்கிறது.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியபோது, அவருடைய பேச்சிலும் சிவப்புப் பென்சிலுக்கு வேலை இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் ஒருதலைப்பட்சமாகப் பேசியவர்களாவோம். அண்டைக் கடைக்காரரின் சரக்கைப் பற்றி அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டோம். “சளி பறந்து போயிரும்” என்பதையும் எடுத்தோம். கல்லாவில் நின்று சொல்லும்போது அது நட்புரை. அச்சில் ஏறினால் மருந்து விளம்பரம். “தாத்தா காலத்துக் கடை” என்று அவர் பல முறை சொன்னார். விசாரித்ததில், தாத்தா பிறர் கடையில் கணக்கு எழுதியவர் என்றும், சொந்தக் கடை வைத்தவர் அப்பாவே என்றும் தெரிந்தது. வாடகைச் சீட்டும் அப்பா பெயரில்தான் இருந்தது. அண்ணாச்சி சற்றுத் தயங்கி, “அப்பா வச்ச கடைன்னே போடுங்க, அதுவே பெருமைதான்” என்றார்.

அடுத்தது பேச்சை எழுத்தாக்கும் வேலை. ‘ஐநூத்தம்பது’, ‘ஒடையணும்’ என்று பேசியபடியே அச்சிட்டால் நெல்லைக்காரருக்கு இனிக்கும். ஆனால் கோவையிலிருந்து சென்று நாக்பூரில் வாழ்பவர் படிக்கத் தடுமாறுவார். வேறு சிலருக்கு அது கேலியாகவும் தோன்றும். முழுதும் செந்தமிழாக்கினாலோ ஆள் மறைந்துவிடுவார். நாம் கைக்கொண்ட வழி இது: சொல்லின் ஈறுகளை எழுத்து வழக்குக்கு மாற்றினோம், அவர் பேசிய வரிசையையும், வாக்கியத்தின் நீளத்தையும், கனம், மங்கல், சுருக்கம் என்ற அவருடைய சொற்களையும் மாற்றவில்லை. ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டுகிறோம். “குறைஞ்சா நான் மூட்டைய எறக்கவே விடமாட்டேன்” என்பதை முதலில் ‘எடை குறைந்த மிளகு எங்களால் நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதிப் பார்த்தோம். செய்தி இருந்தது, அண்ணாச்சி இல்லை. ‘குறைந்தால் மூட்டையை இறக்க விடமாட்டோம்’ என்று எழுதியதும், வண்டியின் பின்னால் கையை நீட்டித் தடுத்து நிற்கும் மனிதர் தெரிந்தார்.

வரிசையைப் பற்றியும் ஒரு சொல். இயந்திரத்தின் பத்தி புகழில் தொடங்கிக் கட்டளையில் முடிந்தது. அண்ணாச்சி குறையில் தொடங்குகிறார். வாங்குபவர் கேட்கப்போகும் குறையைத் தாமே முதலில் எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு கனத்துக்கு வருகிறார். நாமும் அவ்வாறே தொடங்கினோம். இறுதியாக உருவான பத்தி வருமாறு:

“எங்கள் மிளகு பளபளக்காது. மங்கலாகவும் சுருக்கத்தோடும் இருக்கும். வெயிலில் காய்ந்த மிளகு அப்படித்தான் இருக்கும். நாங்கள் எண்ணெய் பூசுவதில்லை. கையில் அள்ளினால் கனம் தெரியும். லிட்டர் அளவில் 550 கிராமுக்குக் குறைந்தால் மூட்டையை இறக்க விடமாட்டோம். இடுக்கி மிளகை மட்டாஞ்சேரியில் வாங்கி, சலித்து, புடைத்து, இன்னொரு நாள் வெயிலில் போட்டுக் கட்டுகிறோம். மழைக்காலத்தில் அந்த வெயில் கிடைக்காது. பொட்டலம் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். பெரிய மணியும் சிறிய மணியும் கலந்திருக்கும். ரசத்துக்கும் பொங்கலுக்கும் அது குறையில்லை. பெரிய மணி மட்டும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இருக்கிறது, விலை கூடும். வந்ததும் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பது அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தபால் செலவு எங்களுடையது. அப்பா வைத்த கடை.”

தண்ணீர்ச் சோதனையை அண்ணாச்சி வழக்கமாகக் கல்லாவிலேயே ஒரு தம்ளரில் செய்து காட்டுவார். நல்ல மிளகு அடியில் தங்கும்; கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதை மிதக்கும். கூடு விழுந்த இலேசான மணியும் மிதக்கும் என்பதால், மிதந்த ஒன்றிரண்டைக் கண்டு கலப்படம் என்று முடிவு செய்யக்கூடாது. அதனாலேயே ‘அதிகமாக இருந்தால்’ என்று எழுதினோம். தபால் செலவை ஏற்பதாகச் சொன்னபோது மகன் முகம் சுளித்தார். அப்பா கல்லாவில் சொல்லும் சொல் வேறு, பட்டியலில் ஏறிய சொல் வேறு என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. எழுத்தில் தந்த வாக்கை எவரும் நீட்டிக் கேட்கலாம். தகப்பனும் மகனும் ஒரு மாலை முழுவதும் பேசி, அந்த வாக்கியம் இருக்கட்டும் என்று முடிவு செய்தபின்பே அதை வைத்தோம். கடைக்காரர் நிறைவேற்ற முடியாத வாக்கை, அது எவ்வளவு அவருடைய குரலாக இருந்தாலும், எழுதக்கூடாது.

நிகர எடை, விலை, கட்டிய தேதி, பதினான்கு இலக்க உணவு உரிம எண் முதலியவற்றைப் பத்திக்குள் கலக்காமல் தனியே கீழே வைத்தோம். அவற்றில் எவருடைய குரலும் தேவையில்லை.

பத்தியை அண்ணாச்சிக்கு உரக்கப் படித்துக் காட்டினோம். இதைவிடச் சிறந்த சோதனை நமக்குத் தெரியவில்லை. தம்முடையதல்லாத சொல் வரும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். ‘பொட்டலம் இரண்டு மூன்று நாள் தாமதமாகும்’ என்று முதலில் எழுதியிருந்தோம். அங்கே அவர் புருவம் நெரிந்தது. “தள்ளிப்போகும்னுதானே சொல்லுவோம்” என்றார். மாற்றினோம். மற்றொரு சோதனையும் உண்டு: மிளகு என்ற சொல்லை எடுத்துவிட்டுக் காப்பித்தூள் என்று போட்டுப் படித்துப் பார்ப்பது. இயந்திரத்தின் பத்தியில் ஏறக்குறைய எல்லா வாக்கியங்களும் காப்பித்தூளுக்கும் பொருந்தின. அண்ணாச்சியின் பத்தியிலோ மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் ஏமாந்தோம். எழுத்துப்பிழை பார்ப்பதற்காக மகன் அந்தப் பத்தியை மறுபடியும் இயந்திரத்திடம் கொடுத்தார். பிழை ஒன்றைத் திருத்தியது உண்மை. கூடவே ‘எங்கள் மிளகு பளபளக்காது’ என்பது ‘எங்கள் பிரீமியம் மிளகு இயற்கையான தோற்றம் கொண்டது’ என்று மாறித் திரும்பியது. மெருகு ஏற்றச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது சராசரியை நோக்கியே இழுக்கிறது. பிழை பார்க்கக் கொடுப்பவர்கள் எழுத்துப்பிழையை மட்டும் பட்டியலாகக் கேட்டு வாங்கி, தம் கையாலேயே மூலத்தில் திருத்துவது நல்லது. அல்லது தமிழறிந்த ஒருவரிடம் காட்டலாம். வேலை ஐந்து நிமிடந்தான்.

பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட சரக்குகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் இவ்வாறு செய்தோமா என்றால், இல்லை. சுக்கு, ஏலம், குடம்புளி, கிராம்பு ஆகியவற்றைப் பற்றி அண்ணாச்சி மணிக்கணக்கில் பேசினார்; அவற்றுக்குத் தனித்தனியே எழுதினோம். சீரகத்தைப் பற்றிக் கேட்டபோது, “அது குஜராத்துலேர்ந்து வருது, சலிச்சுக் கட்டுறோம், வேறென்ன சொல்ல?” என்றார். அதையே எழுத்து வழக்கில் மாற்றிப் போட்டோம். சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் குரலை வலிந்து வரவழைத்தால், இயந்திரம் செய்ததையே நாமும் கையால் செய்தவர்களாவோம்.

புனே அம்மையாருக்குப் புதிய பத்தியை மகன் அனுப்பினார். கடை பேச்சு ஒன்றும் அவர் எடுக்கவில்லை. அரைக் கிலோ மிளகும் கால் கிலோ சீரகமும் வேண்டுமென்று எழுதி, “அங்கே மழை தொடங்கிவிட்டதா அண்ணாச்சி?” என்று கேட்டிருந்தார். தொடங்கியிருந்தது. வெயிலைப் பற்றிய வாக்கியத்தை ஆவணி முடியும் வரை பத்தியின் தலைப்புக்கு அருகே கொண்டுபோய் வைக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டு வந்தோம்.